‘நீ போ’ என்ற இரண்டு சொல்: மரியாதைப் பன்மையை ஆங்கிலத்தில் கரைத்துவிடாதீர்கள்

அன்புள்ள யாழினிக்கு,

பயிற்சிக்குக் கொடுத்த பத்தியின் ஆங்கில வரைவைப் படித்தேன். வாக்கியங்கள் தடங்கல் இல்லாமல் போகின்றன, சொற்களிலும் பெரிய குறை இல்லை. ஆனால் கதையின் முடிவில் நடப்பது உங்கள் ஆங்கிலத்தில் நடக்கவே இல்லை. தமிழில் அது இரண்டு சின்னச் சொற்களுக்குள் நடந்து முடிகிறது. அந்த இடத்தை மட்டும் இந்தக் கடிதத்தில் பார்ப்போம்.

முதலில் மூலத்தை ஒருமுறை பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் இது:

செல்வம் பைக்கை அணைக்காமலே கூப்பிட்டான்.
“ஏய் மாரிமுத்து, மோட்டார் ஓடுதா?”
அறுபதைத் தாண்டிய மாரிமுத்து தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.
“ஓடுதுங்க சின்னய்யா. காலையிலேயே போட்டுட்டேங்க.”
“அப்பா வந்தாரா?”
“ஐயா வந்து பாத்துட்டுப் போனாங்க.”

முடிவு இது:

“உன் மகன் எங்க? நாளைக்கு மருந்தடிக்க வரச் சொல்லு.”
மாரிமுத்து மண்வெட்டியை வரப்பில் சாத்தினார். துண்டு தோளிலேயே கிடந்தது.
“அவன் வரமாட்டான். நீ போ.”

இப்போது உங்கள் ஆங்கில வரைவை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்பத் தமிழாக்கினால் என்ன வரும் என்று எழுதிப் பார்த்தேன்:

“மாரிமுத்து, மோட்டார் ஓடுகிறதா?”
“ஓடுகிறது. காலையிலேயே போட்டுவிட்டேன்.”
“அப்பா வந்தாரா?”
“அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.”
…
“அவன் வரமாட்டான். நீங்கள் போகலாம்.”

செய்தி அத்தனையும் வந்துவிட்டது. மோட்டார் ஓடுகிறது, யாரோ சிலர் வந்து போனார்கள், மகன் வரமாட்டான். ஆனால் இதில் பேசிக்கொள்ளும் இருவரும் ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் போல இருக்கிறார்கள். பண்ணையார் மகனும் அவர் வயலில் வேலை பார்க்கும் பெரியவரும் என்பது எங்கேயும் தெரியவில்லை. கடைசி வரியோ விடை கொடுத்து அனுப்பும் உபசாரமாக மாறிவிட்டது. தட்டையாகிவிட்டது என்று ஓரத்தில் நான் குறித்திருப்பது இதைத்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிய, ஒருவரையே பன்மையில் சொல்லும் இந்த மரியாதைப் பன்மை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ‘அவர்’ என்பது முதலில் பலரைக் குறித்த சொல். ஒருவரையே உயர்த்திச் சொல்ல அதைப் பயன்படுத்தும் வழக்கம் மிகப் பழையது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல் என்றும், அது இலக்கண நெறி அல்ல என்றும் தொல்காப்பியத்தின் கிளவியாக்கமே பேசுகிறது. ‘அவர்’ ஒருவருக்கே நிலைத்த பிறகு, உண்மையான பலரைச் சொல்ல ‘கள்’ சேர்ந்து ‘அவர்கள்’ ஆனது. அப்புறம் அந்த ‘அவர்கள்’ளும் மரியாதைக்குப் போயிற்று. மேடையில் ‘தலைவர் அவர்கள்’ என்கிறோமே, அங்கே தலைவர் ஒருவர்தான். மேலே ஏற ஏறத் தமிழ் இன்னொரு பன்மையை எடுத்து மாட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

பேச்சில் இன்னொரு நுணுக்கம் சேர்கிறது. ஓர் ஆணை மரியாதையாகச் சொல்ல ‘வந்தாரு’ உண்டு. பெண்ணுக்குப் பேச்சுத் தமிழில் பெரும்பாலும் ‘வந்தாங்க’தான். ‘டீச்சர் வந்தாங்க’ என்றால் ஒரு டீச்சர். ‘பசங்க வந்தாங்க’ என்றால் பல பேர். விகுதி ஒன்றே. ஆணுக்கும் ‘வந்தாரு’வைவிட ஒரு படி கூட்ட வேண்டுமானால் ‘வந்தாங்க’ வரும். ஐயாவுக்கு மாரிமுத்து சொன்னது அதுதான். ஆகவே ‘ஆங்க’ என்ற விகுதியைக் கண்டதும் உடனே எண்ணிக்கை போடாதீர்கள். எழுவாயைத் தேடுங்கள். ‘ரெண்டு பேரும்’, ‘எல்லாரும்’ போன்ற எண்ணுச் சொல் இருக்கிறதா, முந்தைய வரியில் பேசப்பட்டது ஒருவரா என்று பாருங்கள். இங்கே செல்வம் கேட்டது அப்பா ஒருவரைப் பற்றி, பதிலில் எழுவாய் ‘ஐயா’. நீங்கள் ஆங்கிலத்தில் ‘தே’ போட்டதால் ஒரு கூட்டமே வயலுக்கு வந்து போயிருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் ஆணா பெண்ணா என்று குறிப்பிடாத ஒருவருக்கும் ‘தே’ வருவதால், வாசகர் வேறொரு திசையிலும் தவறிப் போக இடம் உண்டு.

சரி, பத்திக்குள் போவோம். இதில் மரியாதை மூன்று வேறு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும் சிக்கல்.

முதல் இடம், கேட்பவருக்கான மரியாதை. ‘ஓடுதுங்க’ என்பதில் ஓடுவது மோட்டார், அஃறிணை. மோட்டாருக்கு யாரும் மரியாதை தருவதில்லை. அந்த ‘ங்க’ எதிரே பைக்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு. ‘போட்டுட்டேங்க’விலும் அப்படியே. போட்டவர் மாரிமுத்து, மரியாதை செல்வத்துக்கு. இரண்டாவது இடம், பேசப்படுபவருக்கான மரியாதை. ‘போனாங்க’ அங்கே இல்லாத ஐயாவுக்கு. இதில் ஒரு சின்ன ஏற்றத்தைக் கவனியுங்கள். மகன் தன் அப்பாவைப் பற்றி ‘வந்தாரா’ என்கிறான். அதே ஆளைப் பற்றி மாரிமுத்து ‘போனாங்க’ என்கிறார். மகன் நிற்கும் இடத்திலிருந்து அவர் பேச முடியாது, இன்னும் ஒரு படி கீழே நின்றுதான் பேச வேண்டும்.

மூன்றாவது இடத்தை நீங்கள் மட்டுமல்ல, பழகிய மொழிபெயர்ப்பாளர்களும் தவறவிடுவார்கள். அது கதைசொல்லியின் விகுதி. செல்வம் ‘கூப்பிட்டான்’. மாரிமுத்து ‘கட்டிக்கொண்டார்’, ‘சாத்தினார்’. ஊர் யாருக்கு ‘ஆர்’ கொடுக்கிறதோ அவனுக்குக் கதைசொல்லி ‘ஆன்’ போடுகிறார். ஊர் ‘ஏய்’ என்று கூப்பிடும் ஆளுக்கு ‘ஆர்’ போடுகிறார். யார் பக்கம் நிற்கிறேன் என்று அவர் எங்கேயும் அறிவிக்கவில்லை. முதல் வரியின் கடைசி எழுத்திலேயே நின்றுவிட்டார். ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ‘ஹி’தான்.

மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் ஒரு தாளில் யார் யாரிடம், யாரைப் பற்றி எந்த வடிவம் போடுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பத்திக்கு அது இவ்வளவுதான்:

செல்வம், மாரிமுத்துவிடம்: ஏய், வெறும் பெயர், ‘உன்’, ‘சொல்லு’
மாரிமுத்து, செல்வத்திடம்: ‘ங்க’, சின்னய்யா. கடைசியில் ‘நீ’
செல்வம், அப்பாவைப் பற்றி: ‘ஆர்’
மாரிமுத்து, ஐயாவைப் பற்றி: ‘ஆங்க’
மாரிமுத்து, தன் மகனைப் பற்றி: ‘ஆன்’
கதைசொல்லி: செல்வத்துக்கு ‘ஆன்’, மாரிமுத்துவுக்கு ‘ஆர்’

இதில் ‘ஆன்’ இரண்டு இடத்தில் வருகிறது, பொருள் வேறு வேறு. தகப்பன் பெற்ற பிள்ளையை ‘அவன்’ என்பது வீட்டு உரிமை. கதைசொல்லி செல்வத்தை ‘கூப்பிட்டான்’ என்பது ஒரு மதிப்பீடு. எனவே விகுதியை மட்டும் பார்த்து ‘மரியாதை இல்லை’ என்று முடிவு கட்டக்கூடாது. எத்தனையோ வீடுகளில் அம்மாவை ‘நீ’ என்றும் அப்பாவை ‘நீங்க’ என்றும்தான் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்கு மதிப்புக் குறைவு என்றா பொருள்? அந்த உறவில் எது வழக்கமோ அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

தாளில் எழுதியதைப் பார்த்தால், ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை இரண்டுதான் என்று தெரியும். ஒன்று, ஏற்றத்தாழ்வு: இளையவன் மரியாதை இல்லாமல் பேச, மூத்தவர் மரியாதையோடு பேசுகிறார். இன்னொன்று, மாற்றம்: கடைசியில் அது முறிகிறது. எல்லா ‘ங்க’வையும் ஒன்று விடாமல் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலர் அப்படித்தான் செய்கிறார்கள், ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் ஒரு ‘சார்’ வைப்பார்கள். தமிழில் ‘ங்க’ மூச்சுப் போல லேசானது, காதில் விழுந்தும் விழாமலும் போகும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘சார்’ வந்தால் மாரிமுத்து சிப்பாயாகிவிடுவார், இல்லையென்றால் ஓட்டல் சர்வர். அந்தத் தவறும் இந்தத் தவறும் ஒரே எடைதான்.

வரி வரியாக நான் செய்திருக்கக் கூடியது இது.

‘ஏய் மாரிமுத்து’. ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது சாதாரணம், சமமானவர்களும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதனால் வெறும் பெயர் அங்கே உறைக்காது. இருபது சொச்சம் வயதுப் பையன் அறுபதைத் தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று தெரிந்தால்தான் உறைக்கும். மூலத்தில் வயது மூன்றாவது வரியில் வருகிறது. நீங்கள் வாக்கிய நீளம் கருதி அதை வெட்டிவிட்டீர்கள். அது வெட்டக்கூடாத சொல். முடிந்தால் அதைக் கூப்பிடும் வரிக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவாருங்கள்.

‘சின்னய்யா’. இதை அப்படியே ஒலிபெயர்த்து வைத்துவிடுங்கள். ‘சார்’ என்றால் அலுவலக வாடை, ‘மாஸ்டர்’ என்றால் அமெரிக்கத் தோட்டத்து அடிமை முறையின் நினைவு. இரண்டும் இந்த வயலில் ஒட்டாது. ஒருமுறை வந்தாலே வாசகர் அது ஒரு மரியாதைச் சொல் என்று ஊகித்துக்கொள்வார், அடைப்புக்குறி விளக்கம் வேண்டியதில்லை. ‘ஐயா’வும் அப்படித்தான். உங்கள் முதல் வரைவில் ‘உங்கள் அப்பா’ என்று ஆங்கிலத்தில் போட்டு, பிறகு அடித்துவிட்டு ‘தே’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். மாரிமுத்து வாயில் ‘உங்கப்பா’ வராது. அந்தச் சொல்லே அவரை அந்த வீட்டுக்குச் சமமாக நிறுத்திவிடும். ‘ஐயா’ என்று வைத்து வினையை ஒருமையில் விட்டால், ‘ஆங்க’ செய்த வேலையைப் பெயர்ச்சொல் ஏற்றுக்கொள்ளும்.

கதைசொல்லியின் ‘ஆர்’, ‘ஆன்’ இரண்டும் நேராகக் கடக்காது. ஆனால் உங்கள் வரைவு அதைத் தலைகீழாக்கியும் விட்டது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே என்று மாரிமுத்துவை ஓரிடத்தில் ‘கிழவர்’ என்றும் இன்னோரிடத்தில் ‘கூலியாள்’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் மாற்றியிருக்கிறீர்கள். ஆங்கில நடைக்கு அது வழக்கம்தான். ஆனால் மூலத்தின் கதைசொல்லி அவரை ஒருபோதும் கூலியாள் என்று சொல்லவில்லை. ஊர்தான் சொல்கிறது. ஆகவே கதையோட்டத்தில் மாரிமுத்து எப்போதும் பெயராலேயே வரட்டும். அலுப்புத் தட்டினாலும் பரவாயில்லை. மாறாக, செல்வத்தை இரண்டொரு இடத்தில் ‘பையன்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லலாம். ‘ஆன்’ விகுதி தமிழில் தந்த அந்தச் சின்ன இறக்கம் அதில் ஓரளவு கிடைக்கும். முழுதாகக் கிடைக்காது.

இனி ‘நீ போ’. இதை முதலில் தமிழிலேயே சரியாகக் கேட்க வேண்டும். மாரிமுத்து ‘போடா’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபம், சண்டை, அடுத்த நாள் பஞ்சாயத்து. ‘போங்க’ என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுப்பு மட்டும்தான், ஏணி அப்படியே இருக்கும். ‘நீ போ’ என்பது ஒரு பெரியவர் தன் பேரன் வயதுள்ளவனிடம் பேசும் சாதாரணத் தமிழ். ஊரில் வேறு எந்த இளைஞனிடமும் அவர் அப்படித்தான் பேசியிருப்பார். இவனிடம் மட்டும் இத்தனை நாளும் வயதை ஓரம் வைத்துவிட்டு வேறொரு கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். இன்று வயதுக் கணக்குக்கு வந்துவிட்டார். வசை எதுவும் இல்லாததால்தான் அது அவ்வளவு கனமாக விழுகிறது.

நீங்கள் ஆங்கிலத்தில் போட்டது ‘போகலாம்’ என்று அனுமதி தரும் வடிவம். அதில் உபசாரம் ஏறிவிட்டது. முதலில் அதை எடுத்துவிட்டு வெறும் ஏவலாக்குங்கள். ஆனால் வெறும் ஏவல் மட்டும் போதாது, ஆங்கிலத்தில் அது கோபம் போலக் கேட்கும், ‘போடா’ பக்கம் சாயும். மாறாக ‘வீட்டுக்குப் போ’ என்ற பொருள்படும் ஏவலோடு, கடைசியில் ‘செல்வம்’ என்ற பெயரைச் சேர்த்துப் பாருங்கள். கதை முழுக்க அவர் வாயிலிருந்து ‘சின்னய்யா’ மட்டுமே வந்திருந்தால், முதல் தடவையாகப் பெயர் வருவதை எந்த வாசகரும் கவனிப்பார். ‘வீட்டுக்கு’ என்ற சொல் சிறுவனிடம் பேசும் தொனியைத் தரும். மூலத்தில் இல்லாத பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். மூலத்தில் ‘நீ’ இருக்கிறது, ஆங்கிலத்தின் ‘யூ’ அதைச் சுமக்க மறுக்கிறது, அந்தச் சுமையைப் பெயர் தூக்குகிறது. ஒரு நிபந்தனை உண்டு. அதற்கு முன்னால் எங்கேயாவது நீங்களே வசதிக்காக அவர் வாயில் ‘செல்வம்’ என்று வைத்திருந்தால் இந்த வழி செத்துப்போகும். முழுக் கதையிலும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

துண்டையும் விடாதீர்கள். முதலில் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டியது, கடைசியில் தோளிலேயே கிடந்தது. இரண்டு இடத்திலும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போடுங்கள். முதல் இடத்தில் ஒரு சொல்லும் கடைசியில் வேறு சொல்லும் போட்டிருக்கிறீர்கள், அதனால் அது ஒரே துண்டு என்பதே தெரியவில்லை. துண்டின் வழக்கம் தெரியாத வாசகருக்கும், எடுத்த துண்டு இன்று எடுக்கப்படவில்லை என்ற வேறுபாடு கண்ணில் படும்.

இன்னொரு வழியும் உண்டு, ‘அவர் சின்னய்யா என்று சொல்லவில்லை’ என்று கதைசொல்லியை ஒரு வாக்கியம் பேச வைப்பது. வேறு வழியே இல்லாதபோது செய்யலாம். இங்கே எனக்குப் பிடிக்கவில்லை, மூலம் மௌனமாக விட்டதை விரல் நீட்டிக் காட்டுகிறது. அடிக்குறிப்பு இதைவிட மோசம். உச்சத்தில் வாசகர் பக்கத்தின் அடிக்கு இறங்கி, ‘தமிழில் இரு வகை முன்னிலைப் பெயர்கள் உள்ளன’ என்று படித்துவிட்டு மேலே ஏறி வருவதற்குள் மாரிமுத்து வீட்டுக்குப் போய்விடுவார். விளக்கம் தேவை என்றால் நூலின் முன்குறிப்பில் நான்கு வரி எழுதிவிடுங்கள்.

ஷேக்ஸ்பியர் காலத்து ‘தௌ’வைப் பயன்படுத்தலாமா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் ஒருமைக்கு ‘தௌ’, பன்மைக்கு ‘யூ’ வகையைச் சேர்ந்த சொல் என்று இரண்டு இருந்தன. பன்மைச் சொல் ஒருவருக்கான மரியாதைக்கும் வந்து, கடைசியில் எல்லாரிடமும் எல்லாவற்றுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. நம்முடைய ‘நீங்கள்’ நடந்த அதே பாதைதான், நாம் ‘நீ’யைக் கைவிடவில்லை, அவர்கள் கைவிட்டார்கள். ஆனால் இன்றைய ஆங்கில வாசகர் காதில் ‘தௌ’ என்றால் பைபிளும் பழைய நாடகமும்தான் ஒலிக்கும். உண்மையில் தாழ்ந்த, நெருங்கிய வடிவமாக இருந்த சொல் இன்று உயர்ந்த சொல்லாகத் தோன்றுகிறது. மாரிமுத்து பிரசங்கம் செய்வார். வேண்டாம்.

எல்லா ‘நீங்க’வுக்கும் இத்தனை பாடு தேவையில்லை. வங்கிக் கவுன்டரில் வாடிக்கையாளரும் ஊழியரும் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்றால் அது அந்த இடத்தின் வழக்கம், இரு பக்கமும் சமம். வெறும் ‘யூ’ போதும், விட்டுவிடுங்கள். மரியாதை ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, நடுவில் மாறினாலோதான் நிற்க வேண்டும். ‘வாங்க தொரை, இப்பத்தான் விடிஞ்சுதா?’ என்று தாய் மகனிடம் சொல்வது போல, ‘நீ’ வழக்கமான இடத்தில் ‘ங்க’ வந்தாலும் நில்லுங்கள், அது மரியாதை இல்லை, கிண்டல். அடுத்த பயிற்சிக்கு யாழ்ப்பாணக் கதை ஒன்று வருகிறது. அங்கே ‘நீ’க்கும் ‘நீங்கள்’ளுக்கும் நடுவே ‘நீர்’ உயிரோடு இருக்கிறது. ‘நீர் என்ன சொல்லுறீர்?’ என்பதைத் தமிழ்நாட்டுக் காதால் கேட்டுப் பழைய நடை என்றோ மிகை மரியாதை என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளில் அதற்குத் தனி வரிசை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

திருத்திய வரைவை எனக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மூலத்தைப் படிக்காத, தமிழ் தெரிந்த இருவரிடம் உங்கள் ஆங்கிலத்தை மட்டும் கொடுங்கள். முழுதும் தமிழாக்கச் சொல்ல வேண்டாம். மாரிமுத்து செல்வத்திடம் முதலில் ‘ங்க’ போடுவாரா மாட்டாரா, ஐயா ஒருவரா பலரா, கடைசியில் ‘போ’வா ‘போங்க’வா ‘போடா’வா என்று இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு இருவரில் ஒருவர் ‘போடா’ என்றால் உங்கள் ஏவல் காரமாகிவிட்டது, பெயரோ ‘வீட்டுக்கு’வோ போதவில்லை. ‘போங்க’ என்றால் ‘சின்னய்யா’ முன்னால் சரியாக ஊன்றப்படவில்லை, தொடக்கத்துக்குத் திரும்பிப் போங்கள், கடைசி வரியைத் தொடாதீர்கள். ‘நீ போ’ வரிக்கு மட்டும் மூன்று வடிவம் எழுதி, எதற்கு என்ன பதில் வந்தது என்று பக்கத்தில் குறித்து, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்